மார்க்கெட்டில் 13 லட்சம் என்றால் நீங்களும் 13 கேட்கலாமா?

வணக்கம் மக்களே! "வெளியே வருஷத்துக்கு 13 லட்சம் சம்பளம் தருகிறார்கள், எனக்கு ஏன் 9 லட்சம்தான்?" இப்படிக் கேட்டுக்கொண்டு மேனேஜர் முன்னால் உட்கார்ந்தால், பேச்சு அஞ்சே நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த 13-க்குள் என்னென்ன இருக்கிறது என்று ஹெச்.ஆருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

நௌக்ரி, ஆம்பிஷன்பாக்ஸ் மாதிரி தளங்களில் அதே வேலை, அதே அனுபவம், அதே ஊர் என்று வடிகட்டிப் பாருங்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், தாண்டிப் போவோம்.

[திரையில்: 13 - 1.5 - 1 - 0.2 = 10.3]

இந்தக் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. என் தோழி சென்னையில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறாள், 5 வருட அனுபவம், சிடிசி, அதாவது கம்பெனி அவளுக்காக வருஷத்துக்கு ஒதுக்கும் மொத்தத் தொகை, 9 லட்சம். கூட வேலை பார்த்த ஒருவருக்கு வேறு இடத்தில் 13 லட்சம் கிடைத்தது, ஆஃபர் லெட்டரை வாங்கிப் பிரித்துப் பார்த்தோம். அதில் ஒன்றரை லட்சம் வேரியபிள், முழுசாகக் கைக்கு வரும் என்று உறுதி கிடையாது. ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ், அடுத்த வருஷம் இருக்காது. அப்புறம் வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டி என்று சுமார் 20 ஆயிரம். அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று போடுவார்களே, அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? 15-ஐ 26-ஆல் வகுத்து, அதை 12-ஆல் வகுத்தால் அதேதான்! வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலைநாள். சில கம்பெனிகள் இதை சிடிசியில் காட்டும், சில காட்டாது; இவளுடைய 9 லட்சத்தில் இது இல்லை, வேரியபிளும் இல்லை. ஆக, உண்மையான இடைவெளி 4 லட்சம் இல்லை, 1.3 லட்சம். இந்தத் தொகையை யாராலும் தட்டிக்கழிக்க முடியாது.

சரி, இவளுக்கு ஏன் தரவேண்டும்? அதற்குத்தான் வேலைப் பதிவு. "நிறைய ஆட்டோமேஷன் செய்தேன்" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அவள் எழுதியது இது: முன்பு ஒவ்வொரு ரிலீஸுக்கும் 2 பேர் 3 நாள் உட்கார்ந்து சோதித்தார்கள், வருஷத்துக்கு 24 ரிலீஸ், மொத்தம் 144 ஆள்நாள். இப்போது ராத்திரியில் தானாக ஓடுகிறது, காலையில் ஒருவர் அரை நாள் பார்த்தால் போதும், 12 ஆள்நாள். பக்கத்திலேயே தேதி, டிக்கெட் எண். வேலை முடிந்த வெள்ளிக்கிழமையே குறித்துவைத்ததால்தான் இது கையில் இருந்தது, மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்திருக்கும்.

இன்னொன்று, சம்பள உயர்வுக் கடிதம் ஏப்ரலில் வருகிறது என்றால் அதற்கான பட்ஜெட்டை முன்பே பிரித்திருப்பார்கள். அவள் டிசம்பரிலேயே பேசினாள். வீட்டு வாடகை, லோன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பட்ஜெட் இல்லையே" என்றார் மேனேஜர். "அப்படியானால் அக்டோபரில் திருத்தம் தர முடியுமா, மெயிலில் போடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். ஏப்ரலில் 9.8 வந்தது, மீதி அக்டோபருக்கு என்று மெயிலும் வந்தது.

உங்கள் சிடிசியில் கிராஜுவிட்டி சேர்ந்திருக்கிறதா? பார்த்துவிட்டு கமெண்டில் சொல்லுங்கள்.