பேட்ச் ரிப்போர்ட்ல எஃப்சிஆர் சரியா இருக்கான்னு எப்படி பாக்கறது

வணக்கம்ங்க. பல்லடம், உடுமலை பக்கம் கம்பெனிக்கு கோழி வளர்க்கறவங்க நிறைய பேருக்கு லிஃப்டிங் முடிஞ்சு பேட்ச் ரிப்போர்ட் வந்ததும் கண்ணு நேரா கடைசி வரிக்குத்தான் போகும், எவ்வளவு வளர்ப்புக்கூலின்னு. அந்த வரி சரியான்னு தெரியணும்னா மேல இருக்கற ரெண்டு நம்பரை நீங்களே போட்டுப் பாக்கணும்: எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிலோ தீவனம் போச்சுங்கறது, அப்புறம் உயிர் எடை கிலோவுக்கு உற்பத்திச் செலவு.

ஒரு கணக்கு போடுவோம், விலையெல்லாம் சும்மா கணக்குக்குத்தான். 5,000 குஞ்சு விட்டீங்க, 250 செத்துப்போச்சு, 4,750 கோழி புடிச்சாங்க, மொத்த எடை 9,975 கிலோ, அதாவது சராசரி 2.1 கிலோ. தீவனம் வந்தது 50 கிலோ மூட்டை 325, கடைசில 6 மூட்டை மிச்சம், திருப்பி அனுப்பிட்டீங்க. அப்ப தின்னது 319 மூட்டை, 15,950 கிலோ. இதை 9,975-ஆல வகுத்தா 1.60 வருது, அதான் எஃப்சிஆர்.

இப்ப அந்த 6 மூட்டையை ரிப்போர்ட்ல கழிக்காம விட்டிருந்தா? 16,250 ஆயிடும், எஃப்சிஆர் 1.63-க்கு போயிடும். பாக்க சின்ன வித்தியாசம்தான், ஆனா செலவுல பாருங்க. குஞ்சு 40 ரூபான்னா 2 லட்சம், தீவனம் கிலோ 40-ன்னா 6,38,000, மருந்தும் தடுப்பூசியும் 15,000, நிர்வாகச் செலவு 25,000. மொத்தம் 8,78,000, கிலோவுக்கு 88 ரூபா 2 காசு. மூட்டையைக் கழிக்கலைன்னா 12,000 கூடி 89 ரூபா 22 காசு. உங்க கூலி இந்தச் செலவை வச்சுத்தான் ஏறும் இறங்கும், அதனால திருப்பின மூட்டைக்கு ரசீது வாங்காம வண்டியை விடாதீங்க. லிஃப்டிங் அன்னிக்கு காலி பெட்டி எடையையும் ஷெட்லயே நின்னு பாத்து எழுதிக்கங்க, ஏன்னா எடை குறைஞ்சா ரெண்டு நம்பருமே மோசமாகும்.

எல்லாம் சரியா கழிச்சும் எஃப்சிஆர் அதிகமா வருதுன்னா, இறப்பு எந்த வாரத்துலன்னு பேட்ச் கார்டைப் பாருங்க. முதல் வாரத்துல செத்த குஞ்சு தின்னது 150 கிராம் போலதான் இருக்கும், 100 குஞ்சுன்னா 15 கிலோ. அதே 100 கோழி 35-வது நாள் வெயில்ல செத்தா ஒவ்வொண்ணும் 3 கிலோவுக்கு மேல தின்னிருக்கும், 6 மூட்டைக்கு மேல தீவனம் போச்சு, எடைல ஒரு கிலோ கூட வராது. ரிப்போர்ட்ல ரெண்டும் ஒரே 2 சதவீதமாத்தான் தெரியும், அதான் வாரம் பிரிச்சுப் பாக்கச் சொல்றேன்.

பக்கத்து ஷெட்காரரு 1.55 வாங்கினாருன்னு சொன்னா உடனே மனசு சங்கடப்படாதீங்க, அவர் கோழி சராசரி எவ்வளவுன்னு முதல்ல கேளுங்க. கோழி பெருசாக பெருசாக ஒரு கிலோ ஏத்த கூடுதல் தீவனம் வேணும். அதுக்குத்தான் 2 கிலோவுக்கு சரிசெஞ்ச எஃப்சிஆர் பாப்பாங்க, பல இடத்துல 2-ல இருந்து சராசரி எடையைக் கழிச்சு 0.25-ஆல பெருக்கி எஃப்சிஆரோட கூட்டுவாங்க. நம்ம 2.1 கிலோ பேட்ச் 1.60-ல இருந்து 1.575-க்கு இறங்கும். அவரோடது 1.8 கிலோவுல புடிச்ச 1.55-ன்னா 1.60-க்கு ஏறிடும்ங்க.