களப் பார்வையிலிருந்து உறுதி வரை: காணி விற்பனை ஆலோசகரின் சுயவிபரக்கோவை

(திரையில்: விளம்பரமும் சுயவிபரக்கோவையும் பக்கம் பக்கமாக)

பண்டாரவளையில் காணி விற்பனை ஆலோசகர் ஒருவர் தேவை என்று வந்த இந்த விளம்பரம், வாடிக்கையாளரைக் காணிக்கு அழைத்துச் செல்லல், அதை விற்பனையாக முடித்தல், உரிமம், உள்ளூர்ச் சந்தை அறிவு ஆகிய நான்கையும் கேட்கிறது. ஹட்டனைச் சேர்ந்த விண்ணப்பதாரர் ஒருவர் அதற்கு, "எட்டு மாதத்தில் 120 களப் பார்வைகள், 18 விற்பனைகள்" என்று எழுதியிருக்கிறார். எண்கள் பொய்யல்ல, ஆனால் அவற்றை எதனுடன் ஒப்பிடுவது என்பது தெரியவில்லை.

அவருடைய குறிப்பேட்டைப் புரட்டினால், அந்த 120 தடவைகளிலும் வந்தவை 90 குடும்பங்களே. சில குடும்பங்கள் மூத்தவர்களை அழைத்துக்கொண்டு இரண்டாம், மூன்றாம் முறையும் வந்திருக்கின்றன. முற்பணம் கட்டிய குடும்பங்கள் 18. நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதி முடித்தவை 12. காணி கைமாறுவதற்கு உறுதி வேண்டும் என்பதால், முற்பணத்தை விற்பனை என்று எழுதினால் நேர்முகத்தின் இரண்டாவது கேள்வியிலேயே அது கலைந்துவிடும்.

(திரையில்: 90 குடும்பங்கள் → 18 முற்பணம் → 12 உறுதி)

முற்பணம் வரை 20 சதவீதம், உறுதி வரை 13 சதவீதத்துக்குச் சற்று மேல். சிறியதாகத் தெரிந்தாலும் இரண்டாவது எண்ணையே முன்னால் வைக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் இடையில் விழுந்த ஆறிலேதான் அவருடைய உள்ளூர் அறிவு இருக்கிறது. அவற்றில் நான்கு, சரிவான நிலத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கையில் இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்காமல் முறிந்தவை. அதன் பிறகு அவர் அந்த அறிக்கையையும் நில அளவைப் படத்தையும் வாங்குபவருக்கு முதலில் காட்டிவிட்டே வாகனத்தை ஏற்பாடு செய்திருக்கிறார். பிற்பகலில் மூடுபனி இறங்கும் முன் காலையிலேயே அழைத்துச் சென்றதும் அனுபவத்தில் பழகியதே.

"மலையகச் சந்தையை நன்கு அறிந்தவர்" என்ற வரியை நீக்கிவிட்டு இதையே எழுதலாம்:

(திரையில்: "90 குடும்பங்களைக் களத்துக்கு அழைத்துச் சென்று 12 உறுதிகளை முடித்தேன், கடன் மறுக்கப்பட்டு நான்கு விற்பனைகள் முறிந்தபின், மண்சரிவு அறிக்கையைப் பார்வைக்கு முன்பே வழங்கும் முறையைத் தொடங்கினேன். உறுதிக் காணிக்கும் அரச அனுமதிப்பத்திரக் காணிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவேன்.")

அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க முடியாது என்பதை வாங்குபவரிடம் மறைக்காத ஆலோசகர் என்பது கடைசி வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஹட்டன் அனுபவத்தைப் பண்டாரவளை விலை அறிவாகக் காட்ட வேண்டாம். அங்குள்ள பேர்ச் விலை கேட்கப்பட்டால் விடை தெரிய வேண்டும்.

உரிமம் பற்றிய வரி சிறியது. இவர் இரண்டு ஆண்டு துபாயில் வேலை செய்து, அங்குள்ள காணி, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ரேராவின் தரகர் அட்டை வைத்திருந்தார். அது துபாய்க்கு மட்டுமே உரியது. அங்கிருந்த நிறுவனத்தை விட்டபோதே அதன் பயன் முடிந்தது. ஆகவே "உரிமம் பெற்றவர்" என்று பொதுவாக எழுதாமல், வழங்கிய அமைப்பு, ஆண்டு, "தற்போது நடைமுறையில் இல்லை" என்ற குறிப்பு ஆகியவற்றை எழுத வேண்டும். விளம்பரம் எந்த உரிமத்தைக் கேட்கிறது, சாரதி அனுமதிப்பத்திரத்தையா என்பதையும் விண்ணப்பிக்கும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. வாடிக்கையாளரை மலைப்பாதையில் ஏற்றிச் செல்பவருக்கு அதுவும் தேவைப்படும்.