கவுட்: வலி மாத்திரை வேறு, யூரிக் அமில மாத்திரை வேறு

வணக்கம். நான் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். இன்றைக்கு என் மாமாவின் கால் கட்டைவிரலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

மாமாவுக்கு யூரிக் அமிலம் 9.2. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது கரைந்து நிற்காது. வருஷக்கணக்கில் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படியும். ஒருநாள் வெள்ளையணுக்கள் அந்த ஊசிகளை விழுங்கப் பார்க்கும். உடனே அழற்சி பற்றிக்கொள்ளும். போர்வை பட்டால்கூடத் தாங்காத வலி. இதுதான் கவுட்.

அந்த நேரத்துக்குக் கோல்சிசின். வெள்ளையணு நகர்வதற்கு அதன் உள்ளே நுண்குழாய்கள் வேண்டும். அவற்றைக் கட்டவிடாமல் இந்த மருந்து தடுக்கிறது. அதனால் புதிய அணுக்கள் மூட்டுக்குள் வந்து குவிவது குறையும். முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5. வலி தொடங்கிய முதல் நாளிலேயே எடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். அதிகம் போட்டால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரை வேறு வழியில், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் ப்ராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்து வேலை செய்கிறது. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது ஆகாது, கோல்சிசினையும் கவனித்துத்தான் கொடுக்க வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் சில நாள் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான்.

இவை எதுவும் அந்த 9.2ஐக் குறைக்காது. ஊசிகள் அப்படியே உள்ளே இருக்கும்.

அதைக் குறைப்பது அலோப்யூரினால். நம் உடல் அணுக்களிலும் சாப்பாட்டிலும் இருக்கிற ப்யூரின் என்ற பொருளை யூரிக் அமிலமாக மாற்றும் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது. ஃபெபுக்ஸோஸ்டாட்டும் அதே நொதியைத்தான் பிடிக்கிறது. மாமாவுக்கு டாக்டர் 100 மில்லிகிராமில் ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் கட்டைவிரல் மறுபடி வீங்கியது. "இந்த மாத்திரைதான் கெடுத்துவிட்டது" என்று மாமா நிறுத்திவிட்டார்.

எனக்கு மனசு பதறிய இடம் இதுதான். கடையில் இதே காரணம் சொல்லி நிறுத்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ரத்தத்தில் அளவு இறங்க இறங்க, பழைய படிவு கரைந்து உதிர்கிறது. உதிர்ந்த ஊசிகளை வெள்ளையணுக்கள் மறுபடி தாக்குகின்றன. ஆக, அந்த வலி மருந்து வேலை செய்வதால் வருவது. அதற்காகத்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதம் கூடவே தினமும் கோல்சிசின் 0.5 கொடுப்பார்கள். மாமாவுக்கு அது விட்டுப்போயிருந்தது.

வலி வந்தாலும் அலோப்யூரினாலை நிறுத்தக் கூடாது. ஆனால் தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்; அபூர்வமாக அது உயிருக்கே ஆபத்தாகும்.

அப்புறம் இன்னொன்று, வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மாமா மறுபடி ஆரம்பித்தார், இந்தமுறை கோல்சிசினோடு. டாக்டர் சில வாரத்துக்கு ஒருமுறை 100 கூட்டி 300 வரை கொண்டுபோனார். இலக்கு 6க்குக் கீழே. இப்போது 5.4. கோல்சிசினை ஆறாவது மாதம் நிறுத்தியாகிவிட்டது, அலோப்யூரினால் தொடர்கிறது.