மூக்கு வேலை செய்யாத வீட்டில் கேஸ் அலாரத்தை எங்கே மாட்ட வேண்டும்?

[திரையில்: சமையலறைச் சுவர். ஆளுயரத்துக்கும் மேலே ஒரு கேஸ் அலாரம். அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி.]

உங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டரும் கேஸ் அலாரமும் இருக்கின்றனவா? அலாரத்தை எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்? தலைக்கு மேலே என்றால், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து இந்த வீடியோவைப் பாருங்கள். மணம் தெரிகிறவர்கள் வீட்டில் அலாரம் தவறான இடத்தில் இருந்தாலும் மூக்கு காப்பாற்றிவிடும். மணமே தெரியாதவருக்கு அந்த அலாரம்தான் மூக்கு.

வணக்கம். பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், மூக்குக்கு மேலே உள்ள மெல்லிய எலும்பின் துளைகள் வழியாகச் செல்லும் மண நரம்பிழைகள் அறுந்துபோகலாம். கொரோனா போன்ற வைரஸ் தொற்றுகளும் முதுமையும் மணத்தைப் பறிக்கும். சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. அண்மையில்தான் போனது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், திரும்பி வர வாய்ப்பு உண்டு. இனி வராது என்று ஆகிவிட்டவர்களுக்கும் அவர்களோடு வாழ்கிறவர்களுக்கும்தான் மீதி வீடியோ.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதோ. மணம் முழுவதும் போனவரையும் மிளகாய் வற்றல் தாளிக்கும் நெடி தும்ம வைக்கும். தலைவலித் தைலம் மூக்கில் குளிர்ச்சியாக ஏறும், வெங்காயம் கண்ணைக் கரிக்கும். காரணம், எரிச்சலையும் குளிர்ச்சியையும் உணர்வது மண நரம்பு அல்ல. அது முகம் முழுவதும் பரவியிருக்கும் முந்நரம்பின் வேலை. அதனால் பலர் "எனக்குக் கொஞ்சம் மணம் தெரிகிறது" என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஐயம் இருந்தால் தைலத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு காபிப் பொடி டப்பாவை முகருங்கள். காபிப் பொடியில் எரிச்சல் கிடையாது, மணம் மட்டும்தான். அது தெரியவில்லை என்றால் கேஸ் வாடையும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் எந்த வாடையும் இல்லை. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியது. ஒரு மின்கருவியின் பொறி பட்டது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன்பிறகுதான் எரிவாயுவில் நாற்றப் பொருள் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் சிலிண்டரில் நாறுவதும் அப்படிக் கலக்கப்படும் மெர்காப்டன்தான். அது மூக்கில் எரிவதே இல்லை, நாறத்தான் செய்யும். மணம் இழந்தவருக்கு அது சுத்தமான காற்று.

இனி அலாரத்தின் உயரம். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை, பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசிந்த வாயு தரையில் கொட்டிய தண்ணீரைப் போல மூலைமுடுக்கெல்லாம் பரவி, வாசல் நிலைக்கு அடியில் நுழைந்து அடுத்த அறைக்கும் போகும்.

என் மாமா வீட்டில் நடந்ததை வைத்துக் கணக்குப் போடுவோம். ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு அவருக்கு மணம் இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, திருகு திறந்தே இருந்தது. பெரிய பர்னர் மணிக்கு ஏறத்தாழ 180 கிராம் எரிவாயு விடும். சமையலறை பத்தடிக்கு எட்டடி. காற்றில் 2 சதவீதம் அளவுக்கு எரிவாயு கலந்தாலே தீப்பிடிக்கும். அறை முழுவதும் அந்த அளவை எட்டப் பல மணி நேரம் ஆகும். ஆனால் அது அறை முழுவதும் பரவுவதில்லையே! காற்றோட்டம் இல்லாமல் தரையோரம் ஓரடி உயரத்தில் மட்டும் தேங்கினால், ஏறத்தாழ 100 கிராம் போதும். அதாவது அரை மணி நேரம். அத்தை கோயிலிலிருந்து திரும்பி வந்து முகர்ந்து பிடித்தார். மாமா அப்போது நடுப்பக்கத்தில் இருந்தார். தலைக்கு மேலே அலாரம் இருந்திருந்தால் அதுவும் நடுப்பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

ஆகவே சிலிண்டர் வீட்டில் அலாரம் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள், கதவோ அலமாரியோ மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும். குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருகிற வீடு என்றால் நேர் எதிர். அது மீத்தேன், காற்றைவிட லேசானது, மேலே ஏறும். அலாரமும் கூரைக்கு ஓரடிக்குள் இருக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறுகிறவர்கள், இரண்டையும் அறியும் அலாரமா என்று பார்த்து, இடத்தையும் மாற்றுங்கள்.

மின்தடையிலும் ஓட பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஒலி வருகிறதா என்று மட்டுமே தெரியும், உள்ளே இருக்கும் உணரியின் ஆயுள் தெரியாது. பின்பக்கத்தில் உள்ள காலாவதி ஆண்டைப் பாருங்கள். சென்ட், ஸ்பிரே அடித்தாலும் சில அலாரங்கள் அலறும். மற்றவர்கள் முகர்ந்து பார்த்து "சும்மா கத்துகிறது" என்று சொல்லலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு அலறலும் உண்மைதான்.

அலறினால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், வெளியே போய் 1906க்கு அழையுங்கள். புது சிலிண்டர் மாட்டும் ஒவ்வொரு முறையும் ரெகுலேட்டர் இணைப்பிலும் குழாயின் இரு முனைகளிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் வீரர்கள் இந்தச் சேனலை அன்சப்ஸ்கிரைப் செய்துவிடலாம். புது அடுப்பு வாங்குவதாக இருந்தால், சுடர் அணைந்ததும் தானாக வாயுவை நிறுத்தும் வகையைக் கேளுங்கள். மாமா வீட்டில் இப்போது அதுதான்.

புகைக்கு ஒரே ஒரு செய்தி. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளியான ஆய்வில், ஆழ்ந்து தூங்குகிறவர்களை நாற்றம் எழுப்பவில்லை, ஒலி எழுப்பியது. தூக்கத்தில் நல்ல மூக்குக்காரர்களும் உங்கள் கட்சிதான்! புகை அலாரத்தைப் படுக்கையறைக்கு வெளியே கூரையில் மாட்டுங்கள். சமையலறைக்குள் மாட்டினால் அப்பளம் பொரிக்கும்போதெல்லாம் கத்தும், நீங்களே பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள்.

உணவு. நோய் தரும் கிருமிகள் பலவும் வாடையே தருவதில்லை, ஆகவே முகர்ந்து பார்ப்பது யாருக்குமே முழுப் பாதுகாப்பு இல்லை. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். டப்பாவின் மேல் டேப் ஒட்டிக் கிழமையை எழுதுங்கள். மூன்று நாளைத் தாண்டினால் கொட்டுங்கள். சோறு நூல் விட்டாலோ, தேங்காய்ச் சட்னியில் குமிழி தெரிந்தாலோ கிழமையையும் பார்க்க வேண்டாம். பாலைச் சிறு கரண்டியில் காய்ச்சுங்கள், கெடத் தொடங்கியிருந்தால் திரிந்துவிடும். சோற்றை மட்டும் "சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்று நம்பாதீர்கள். வெளியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

உங்கள் வீட்டு அலாரம் எத்தனை அடியில் இருந்தது, எங்கே இறக்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள். மணம் தெரியாத யாராவது தனியாக இருக்கிறார் என்றால் அவருக்கு இந்த வீடியோவை அனுப்புவதோடு நிற்காமல், ஸ்க்ரூ டிரைவரோடு நீங்களே போய்விட்டு வாருங்கள்.