வள்ளுவர் சொன்னது எது, நான் சொல்வது எது?

(திரையில்: தாமிரபரணி, குறுக்குத்துறைப் படித்துறை. மேலே ஒரு பதிவு.)

போன மாதம் இந்தப் படத்தோடு நான் எழுதியது இது:

நீரின்றி அமையாது உலகு, மழை இல்லையென்றால் ஒழுக்கமும் நிலைக்காது என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார், ஆகவே ஆற்றில் சாக்கடை கலப்பதை நிறுத்த வேண்டும்.

வீட்டில் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "ஏல, சாக்கடையப் பத்தியுமா வள்ளுவர் சொல்லிருக்காரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் பதிவைத் திருத்தி எழுதினேன். எப்படி என்று பார்ப்போம்.

(திரையில்: குறள் 20, வான்சிறப்பு.)

நீர்இன்று அமையாது உலகெனின் யார்யார்க்கும்
வான்இன்று அமையாது ஒழுக்கு.

'உலகு' என்று குறள் முடியவில்லை. 'உலகெனின்' என்று, அதாவது 'உலகு என்றால்' என்று தொடர்கிறது. நீர் இல்லாமல் உலகம் நடக்காது என்றால், மழை இல்லாமல் ஒழுக்கு நடக்காது. குறளின் பாரம் மழையின் மேல் இருக்கிறது. நான் 'உலகு' என்று வெட்டியதும் இரண்டையும் இணைக்கும் அந்த 'என்றால்' காணாமல் போய்விட்டது.

அடுத்தது 'ஒழுக்கு'. பரிமேலழகர் இதை நீரின் இடையறாத ஓட்டம் என்று கொள்கிறார். மு. வரதராசன் ஒழுக்கம் என்கிறார். அப்படியென்றால் என் பதிவின் இரண்டாவது துண்டு ஓர் உரையாசிரியரின் கருத்து. அதை நான் வள்ளுவர் வாயில் வைத்திருந்தேன்.

சரி, ஆச்சிக்கு ஏன் குழப்பம் வந்தது? தமிழில் 'என்று' கடைசியில்தான் வரும். மேற்கோள் எங்கே தொடங்கியது என்பது காதில் விழாது. அதனால் சொன்னவர் பெயரை முன்னால் கொண்டுவந்தேன். அப்புறம் அந்த 'ஆகவே'. என் கோரிக்கைக்கு வள்ளுவரே கையெழுத்துப் போட்டதுபோல அது காட்டிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு, 'நான்' என்று தொடங்கினேன்.

(திரையில்: திருத்திய பதிவு, மூன்று பத்திகளாக.)

வள்ளுவர், குறள் 20: "நீர்இன்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வான்இன்று அமையாது ஒழுக்கு."

பரிமேலழகர் உரைப்படி, ஒழுக்கு என்பது நீரோட்டம். மழை இல்லையென்றால் அந்த ஓட்டம் இல்லை.

நான் இதிலிருந்து கொஞ்சம் விலகி ஒன்று சொல்கிறேன். பொதிகையில் மழை பெய்கிறது, ஆறும் ஓடி வருகிறது. குறள் கேட்கிற மழை நமக்குக் கிடைத்துவிட்டது. படித்துறைக்கு வந்த தண்ணீரில் சாக்கடையை விடுவது நம்முடைய செயல். அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

இப்போது நடுவில் இருக்கும் பத்தியை விரலால் மூடிப் பாருங்கள். மேலே குறள் முழுதாக நிற்கிறது, கீழே என் பேச்சும் தனியாக நிற்கிறது. முன்பு எழுதியதில் எந்த இடத்தில் மூடினாலும் வாக்கியம் உடைந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் யாராவது கடைசிப் பத்தியை மட்டும் நகலெடுத்து அனுப்பினாலும், 'நான்' என்ற சொல் கூடவே போகும். சாக்கடையைப் பற்றிச் சொன்னது வள்ளுவர் என்று இனி யாரும் நினைக்க மாட்டார்கள்.