துவாலையும் டவலும்: ஒரு நாக்கு சோதனை

கேள்வி: "ஐயா, சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியச் சொற்கள் என்று போன பதிவில் சொன்னீர்கள். வீட்டில் புழங்கும் ஒரு சொல் போர்த்துக்கீசியமா, இங்கிலீஷா என்று நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?"

நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டு வீட்டில் ஒவ்வொரு சாமானாகத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மா என்னவோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு எளிய சோதனை. குளித்துவிட்டுத் துடைப்பதற்குப் பாட்டி என்ன கேட்பார்? துவாலை. பேரன் கேட்பது டவல். இரண்டும் ஒரே பொருள்தான். பாட்டி சொல்வது 'டவல்' மருவி வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது 'தோவாலியா' என்ற போர்த்துக்கீசியச் சொல். இரண்டு சொல்லும் தொடங்குவது t என்ற எழுத்தில்தான். போர்த்துக்கீசியர் அந்த எழுத்தைச் சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடும். அது நம் காதுக்குத் 'த'. இங்கிலீஷ்காரர் சொல்லும்போது நாக்கு பல்லை விட்டுப் பின்னால் போய்விடும். அது நம் காதுக்கு 'ட'.

தையல்காரரிடம் போய்க் கேளுங்கள். 'பொத்தான்' என்பவரும் இருப்பார், 'பட்டன்' என்பவரும் இருப்பார். பொத்தானுக்கு மூலம் 'பொத்தாவ்', கடைசி ஒலி மூக்கில் போகும், அதுதான் நமக்கு 'ஆன்' ஆகிவிட்டது. அதே மாதிரி யாழ்ப்பாணத்தில் விசுக்கோத்து, நமக்குப் பிஸ்கட். காலில் போடுவது அங்கே சப்பாத்து. எல்லாம் த, த, த. நாக்கு பல்லைத் தொடுகிறதா என்று பாருங்கள், போதும்.

யாழ்ப்பாணம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, "கதிரையில இருங்கோ, குசினியில தேத்தண்ணி போடுறா" என்றார். எனக்குத் தேத்தண்ணி மட்டும்தான் புரிந்தது. கதிரை, அதாவது நாற்காலி, மூலம் 'கதெய்ரா'. குசினி, அடுப்படி, மூலம் 'கொசீன்யா'. துவாலை அவர்களிடம் துவாய். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கீசியர் 1658இல் டச்சுக்காரரிடம் இழக்கும் வரை அங்கே ஆண்டார்கள். அதனால்தான் நம் பக்கம் இல்லாத சொற்கள் அங்கே நிறைய.

சரி, இந்த 'த' சோதனை எங்கே காலை வாரும்? அதே யாழ்ப்பாணத்தில் அலுவலகத்துக்குக் கந்தோர் என்பார்கள். 'த' இருக்கிறது, ஆனால் அது டச்சு. தராசிலும் 'த' இருக்கிறது, அது பாரசீகம். அதனால் இரண்டாவதாக ஒரு சாட்சியைக் கூப்பிட வேண்டும். போர்த்துக்கீசியர் கால் வைத்த வேறு ஊர்களில் அதே சொல் இருக்கிறதா? சிங்களத்தில் ஜன்னலுக்கு ஜனேலய, மலாயில் ஜெண்டெலா. அலமாரி மலாயிலும் அல்மாரி, சிங்களத்தில் அல்மாரிய. நமக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் இத்தனை பேர் ஒரே சொல்லைச் சொன்னால், கொடுத்தவர் ஒருவர்தான். பீரோவை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், அது பிரெஞ்சு.

இப்போது சாவிக்கு வருகிறேன். இதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இன்றைக்கு லிஸ்பனில் சாவியை 'ஷாவ்' என்கிறார்கள். ஆனால் நாமும் இந்திக்காரரும் அழுத்தமாகச் 'ச்சா' என்றுதான் தொடங்குகிறோம். அவர்களுடைய பழைய உச்சரிப்பு அதுதான், அங்கே மாறிவிட்டது, இங்கே தங்கிவிட்டது. அவர்கள் மறந்த ஒலி நம் இடுப்பில் தொங்குகிறது!

அதைவிட எனக்கு வேடிக்கையாக இருப்பது, பூட்டு ஏன் மாறவில்லை என்பது. ஜன்னல் வந்ததும் சாளரம் செய்யுளுக்குப் போய்விட்டது, சாவி வந்ததும் திறவுகோல் போய்விட்டது. பூட்டு மட்டும் அசையவில்லை. என் கணிப்பு இது: திறவுகோல் என்றால் உண்மையிலேயே கோல். பழைய கோயில்களில் சன்னதிக் கதவைத் திறக்க முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பியைத் துளைக்குள் விட்டுத் திருகுவதைப் பார்த்திருப்பீர்கள். விரலளவு சின்னதாக ஒன்று கைக்கு வந்தபோது அதைக் கோல் என்று சொல்ல வாய் வந்திருக்காது. பூட்டுவது என்ற வினையோ அன்றாடம் வாயில் இருந்தது, பூட்டினால் பூட்டு. அதற்கு வெளியிலிருந்து பெயர் தேவைப்படவில்லை. இரும்புக்கடையில் போய் "ஒரு பூட்டு சாவி கொடுங்க" என்று கேட்கிறோமே, அதில் பாதி நம்முடையது, பாதி அவர்களுடையது.