திருத்திய விடைத்தாளைப் பார்க்கக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் அறிவியல் 80-க்கு 58 என்று இருக்கிறது. 22 மதிப்பெண் எங்கே போனது என்பதைப் பட்டியல் சொல்லாது, விடைத்தாள்தான் சொல்லும்.

அதைக் கேட்பதற்கு முன்னால் பள்ளியின் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். விடைத்தாளைப் பார்க்கப் பல பள்ளிகள் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே தருகின்றன. அது தாண்டினால் மறுத்துவிடலாம். கடிதத்தை வகுப்பாசிரியருக்கு எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, தேர்வு, பாடம், அப்புறம் ஒரே ஒரு வரி: "எந்த இடங்களில் மதிப்பெண் குறைந்தது என்று தெரிந்துகொள்ள, திருத்திய விடைத்தாளைப் பார்க்க விரும்புகிறேன்." மறுமதிப்பீடு என்ற சொல் அதில் வேண்டாம். அது வேறு கோரிக்கை, அதற்கு நடைமுறையும் வேறு. வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். விடைக்குறிப்பு இல்லாமல், ஒரு விடைக்கு ஏன் அரை மதிப்பெண் குறைந்தது என்று புரியாது. படம் எடுக்கவோ வீட்டுக்குக் கொண்டுபோகவோ விடாத பள்ளிகளும் உண்டு, அதனால் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கையில் இருக்கட்டும். முடிந்தால் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். ஏன் அப்படி எழுதினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

தாள் கைக்கு வந்ததும் முதலில் கூட்டலைச் சரிபாருங்கள். உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புப் பக்கத்துக்கு வந்திருக்கிறதா, கூடுதல் தாளைத் திருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே ஆசிரியரிடம் காட்டுங்கள், எழுதியும் கொடுங்கள்.

கூட்டல் சரியாக இருந்தால் குறைந்த மதிப்பெண்களைக் காரணம் பார்த்துப் பிரித்து எழுதுங்கள். நான் சொன்ன அந்த 22-ஐ இப்படி வைத்துக்கொள்வோம். பாடம் தெரியாமல் விட்டது 5. கணக்கீடுகளில் படிநிலையையும் அலகையும் எழுதாமல் விட்டது 7. மீதி 10, கடைசியில் தொடவே தொடாத இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள். அவை ஏன் விட்டுப்போயின? முன்பக்கங்களைத் திருப்பினால் தெரிகிறது: ஒரு இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி, தலைப்புக்கெல்லாம் அடிக்கோடிட்டிருக்கிறாள். அந்த இரண்டு வினாக்களையும் இப்போது வாய்மொழியாகக் கேட்டால் பதில் வருகிறது. ஆக, அவளுக்குப் பாடம் தெரியும், நேரம்தான் போதவில்லை.

இந்தப் பிள்ளையைத் தனிப்பயிற்சிக்கு அனுப்பினால் அந்த 5 மட்டும்தான் திரும்பி வரும். அதைவிட, இரண்டு மதிப்பெண்ணுக்கு எத்தனை வரி எதிர்பார்க்கிறீர்கள் என்று பாட ஆசிரியரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து, ஐந்து மதிப்பெண் வினாக்களை முதலில் எழுதச் சொல்லிப் பாருங்கள்.